பெறுநர் இல்லாத மூவாயிரம்

பெயர்: ர. சுபாஷிணி. பிறந்தது 1989 ஆகஸ்ட் 19, புது தில்லி. தந்தை ரங்கராஜன், மத்திய அமைச்சகம் ஒன்றின் சம்பளப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி 2014இல் ஓய்வு பெற்றவர். தாய் வத்சலா. படிப்பு எம்.காம்., எம்.ஃபில். 2016 ஜூலை முதல் தெற்கு தில்லியிலுள்ள ஒரு கல்லூரியில் கணக்கியல் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர். ஊதியம் வகுப்புக் கணக்கில் வழங்கப்படுகிறது. வகுப்பு நடக்காத நாளுக்கு ஊதியம் இல்லை.

வகுப்பில் அறுபத்திரண்டு மாணவர்கள். ஒரு மாணவருக்குப் பாடம் புரியவில்லை என்றால் சுபாஷிணி கடிதம் எழுதுவார். கையெழுத்தில், கார்பன் தாள் வைத்து, வரிசை எண் இட்டு எழுதுவார். மூலப் பிரதி மாணவருக்கு, நகல் கோப்புக்கு. கடிதம் போன தேதி, பொருள், பதில் வந்த தேதி ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடும் உண்டு. தந்தையின் அலுவலகப் பழக்கம் இது. பதில் வந்த தேதிக்குரிய பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

கடித எண் 63இன் வரலாறு பின்வருமாறு.

2024 பிப்ரவரி 22, வியாழக்கிழமை. உண்மையில் நடக்கும் ஒரு சிறு தொழிலின் பண நிலையை ஆராய்ந்து அறிக்கை தருமாறு இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லியிருந்தார். அன்று அவர் திருத்திய பதினேழாவது அறிக்கை அ. கௌதமனுடையது. பொருள்: முனிர்காவில் ஓர் இட்லி மாவுக் கடை. எழுத்து சுத்தமாக இருந்தது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. கடைசி வரி இது: "ஆகவே கடையைப் பிப்ரவரி 29க்குள் மூடிவிடுவது என முடிவு செய்யப்பட்டுள்ளது."

சுபாஷிணி அந்த வரியை இரண்டாம் முறை படித்தார். பிறகு கௌதமனை ஆசிரியர் அறைக்கு அழைத்தார்.

"இது யார் கடை?"

"அம்மா கடை மேம்."

"முடிவு செய்யப்பட்டுள்ளதுன்னு எழுதியிருக்கியே. யார் முடிவு செஞ்சது?"

"நான்தான் மேம். கணக்குப் போட்டுக் காமிச்சேன். அப்பா 'அச்சா, சரி'ன்னுட்டார். வாடகை பத்திரம் இருபத்தொன்பதோட முடியுது. ஸண்டே ஓனர்கிட்ட சொல்லிடுவார். கிரைண்டரும் ஃப்ரீசரும் வாங்க ஆள் வந்தாச்சு."

"அம்மா என்ன சொன்னா?"

கௌதமன் யோசித்தான். "அம்மா கணக்குப் படிச்சதில்லையே மேம்."

அவன் கணக்கு இதுதான். மாத விற்பனை 96,000 ரூபாய். அரிசி, உளுந்து 52,000. மார்ச் முதல் உயரவிருக்கும் வாடகை 18,000. மின்சாரம் 6,000. அரைநாள் வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளம் 9,000. பை முதலிய சில்லறைச் செலவு 3,000. அதற்கு அடுத்த வரியில், 2022இல் வாங்கிய கிரைண்டருக்கும் ஃப்ரீசருக்கும் தேய்மானம் 3,000. மீதி 5,000. மதுரையில் நர்சிங் படிக்கும் தங்கை வைஷ்ணவியின் விடுதிக் கட்டணம் மாதம் 6,000. கடை நடப்பதே அதற்காகத்தான். மாதா மாதம் ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. எனவே கடையை மூட வேண்டும்.

"தேய்மானம் பணமா வெளியே போறதில்லை, தெரியுமோ?" என்றார் சுபாஷிணி.

"வகுப்புல சொன்னீங்க மேம். ஆனா செலவுப் பக்கத்துல போடணும்னும் சொன்னீங்க. செலவுன்னு போட்டா போனதுதானே? அப்பாவோட பே ஸ்லிப்ல பிடித்தம்னு போட்டிருந்தா கைக்கு வராதே."

தந்தை அய்யாசாமி அமைச்சகம் ஒன்றில் எழுத்தர். குடும்பம் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் வசிக்கிறது. அந்த வீட்டில் சம்பளச் சீட்டு மட்டுமே கணக்குப் புத்தகம். அதில் பிடித்தப் பக்கத்தில் அச்சாகும் எந்தத் தொகையும் அந்த மாதம் வீட்டுக்கு வராது. கௌதமன் லாப நட்டக் கணக்கையும் அப்படியே படித்திருந்தான். சுபாஷிணிக்கு இது புதிதல்ல. பன்னிரண்டு வயதில் தன் தந்தையின் சீட்டை அவரும் இப்படித்தான் படித்தவர்.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. கடிதம் மறுநாள் கொடுக்கப்பட்டது. வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுபவர், இதைத் தமிழில் எழுதினார். முடிவை மாற்றக்கூடியவர் கௌதமனின் தாய் அம்சவேணி; அவர் படிப்பது தமிழ் மட்டும். தில்லியில் பிறந்த கௌதமனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். கோப்பிலுள்ள நகலின்படி கடிதம் இது:

"எண் 63. 23.2.2024. பொருள்: தேய்மானம் ஏன் பணச் செலவு அல்ல என்பது.

கௌதமனுக்கு,

இதை உன் அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேள்.

உன் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே பணத்தைப் பெற்றுக்கொண்டவர் பெயரை எழுது. அரிசிக்கு மண்டிக்காரர். வாடகைக்குக் கடை உரிமையாளர். சம்பளத்துக்கு அந்தப் பெண். தேய்மானம் மூவாயிரத்துக்கு யார் பெயரை எழுதுவாய்? அப்பாவின் சீட்டில் உள்ள ஒவ்வொரு பிடித்தத்தையும் யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். இந்த மூவாயிரத்தை வாங்கிக்கொள்ள யாரும் வருவதில்லை.

வந்தவர் ஒருவர் உண்டு. 2022 ஏப்ரலில் கிரைண்டரையும் ஃப்ரீசரையும் விற்றவர். அன்றே 1,80,000 ரூபாயை முழுதாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். பணம் வெளியே போனது அந்த ஒரு நாளில்தான். ஆனால் இயந்திரம் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். முழுத் தொகையையும் முதல் மாதத்தின் தலையில் கட்டினால் அந்த மாதம் பெரும் நஷ்டமாகவும், பிறகு வரும் மாதங்கள் பொய்யான லாபமாகவும் தெரியும். அதனால் அறுபது மாதங்களுக்குப் பங்கிட்டு, மாதம் மூவாயிரம் என்று எழுதுகிறோம். அது பழைய செலவின் ஒரு பங்கு. புதிய செலவு அல்ல.

ஆகவே மாத லாபம் ஐயாயிரம் என்பது சரி. கையில் மிஞ்சும் பணம் ஐயாயிரம் என்பது தவறு. லாபத்திலிருந்து தொடங்கினால், போகாத மூவாயிரத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். கையில் மிஞ்சுவது எட்டாயிரம். விடுதிக்கு ஆறாயிரம் போக இரண்டாயிரம் மீதி.

வரி கட்டுமளவு வருமானம் இருந்தால் தேய்மானம் வரியைக் குறைக்கும். அந்த வழியில் மட்டும் பணத்தைத் தொடும். உங்கள் கடைக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

மறுபக்கம் பார்க்க.

தேய்மானம் பணம் அல்ல என்பதால் இயந்திரம் தேயவில்லை என்று பொருளில்லை. 2027இல் புதியது வாங்க வேண்டி வரலாம். அன்று மறுபடியும் ஒருவர் வந்து முழுத் தொகையை வாங்கிக்கொள்வார். தேய்மானம் எழுதுவதால் அந்தப் பணம் தானாகச் சேராது. மாதம் மூவாயிரம் ஒதுக்க உங்களால் முடியாது, இரண்டாயிரம் முடியும். கடையை நடத்துவதா மூடுவதா என்பது உங்கள் முடிவு. இல்லாத செலவுக்காக மூட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

குறிப்பு: உங்கள் கடையில் நான் இதுவரை மாவு வாங்கியதில்லை. இக்கடிதத்தால் எனக்கு ஆதாயம் எதுவும் இல்லை.

ர. சுபாஷிணி."

2024 பிப்ரவரி 24, சனிக்கிழமை, பிற்பகல். கடையில் நால்வர் இருந்தனர்: அம்சவேணி, விடுமுறையில் இருந்த அய்யாசாமி, கௌதமன், இயந்திரங்களை வாங்க எழுபதாயிரம் ரூபாயுடன் வந்திருந்த கேட்டரிங்காரர் ஜெயபால். அங்கே நடந்ததைக் கௌதமன் பிறகு சுபாஷிணியிடம் விவரித்தான்; அவர் குறித்து வைத்திருக்கிறார்.

அம்சவேணி கடிதத்தை உரக்கப் படித்தார். பெயர் எழுதச் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தினார்.

"ஏண்டா, இதத்தானே அன்னைக்கே கேட்டேன். மூவாயிரம் மூவாயிரம்ங்கிறியே, யாருக்குடா குடுத்தோம்னு. அப்ப என்ன சொன்ன?"

"உனக்குப் புரியாதுன்னேன்."

"இப்பச் சொல்லு. யாருக்குக் குடுத்தோம்?"

கௌதமன் தன் கணக்குத் தாளில் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே பெயர் எழுதிப் பார்த்தான். பெயர் எழுதும் பத்தியில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஆறாவது இடம் காலி.

"யாருக்கும் இல்ல" என்றான்.

அய்யாசாமி ஒப்புக்கொள்ளவில்லை. "யாருக்கும் இல்லன்னா எதுக்குடா எழுதின? இருபத்தாறு வருசமா ஸ்லிப் பாக்குறேன். எழுதுனது எதுவும் திரும்பி வந்ததில்ல."

"அது கவர்மெண்டு எழுதுறதுப்பா. இது நாமளே எழுதுனது."

"கல்லாவ எண்ணிப் பாத்தா தெரிஞ்சிரப் போகுது" என்றார் அம்சவேணி. ஜனவரி மாதத்துக்கான அவருடைய நோட்டில், பழைய வாடகை 16,000 போக, கையில் மிஞ்சியது 10,000 என்றிருந்தது. வாடகை ஏற்றம் இரண்டாயிரத்தைக் கழித்தால் எட்டாயிரம். கடிதத்திலும் எட்டாயிரம். அய்யாசாமி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவருக்கு இரண்டு தாள்கள் ஒத்துப்போனால் போதும்.

"இந்த நோட்ட நீ ஏன் எங்கிட்ட காட்டல?" என்றான் கௌதமன்.

"நீ ஏன் கேக்கல? பெரிய பெரிய புக்கா வச்சிருந்த."

ஜெயபால் கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, டெம்போக்காரன் வெயிட்டிங்ல இருக்கான். தூக்கட்டுமா, வேண்டாமா?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி. மறுபக்கம் பாக்கச் சொல்லியிருக்கு."

மறுபக்கத்தைப் படித்து முடித்த அம்சவேணி கடிதத்தை மடித்துக் கிரைண்டர் மேல் வைத்தார். "இந்த டீச்சரம்மா விவரமான ஆளு. செத்துப் போகும்னும் சொல்லுது, இப்பவே பொதைக்காதன்னும் சொல்லுது." பிறகு ஜெயபாலிடம் சொன்னார்: "மிஷின் குடுக்கிறதா இல்ல தம்பி. வந்ததுக்கு ரெண்டு கிலோ மாவு வாங்கிட்டுப் போங்க."

"டெம்போவுல ரெண்டு கிலோ மாவா அக்கா?"

"ஜாக்கிரதையா ஓட்டச் சொல்லுங்க. புளிச்சிரும்."

ஜெயபால் மாவுக்குப் பணம் கொடுத்தார். வண்டி வாடகை யாருடையது என்பது பற்றிப் பத்து நிமிடம் பேச்சு நடந்தது. அய்யாசாமி பாதி கொடுத்தார். அந்தச் செலவுக்கு எதிரே பெறுநர் பெயரைக் கௌதமன் உடனே எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அய்யாசாமி கடை உரிமையாளரைச் சந்தித்தது வாடகைப் பத்திரத்தைப் புதுப்பிப்பதற்காக. காலம் மார்ச் 1 முதல் பதினொரு மாதங்கள். திங்கட்கிழமை அஞ்சலகத்தில், மார்ச் முதல் மாதம் இரண்டாயிரம் கட்டும் தொடர் வைப்புக் கணக்குக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள்.

"இதுவும் பிடித்தம்தானே?" என்று அய்யாசாமி கேட்டார்.

"பாஸ்புக்குல நம்ம பேருதான் போடுவாங்க" என்றார் அம்சவேணி.

அறிக்கைக்குக் கௌதமன் பெற்ற மதிப்பெண் இருபத்தைந்துக்கு ஒன்பது. திருத்தி எழுதிய அறிக்கையை அவன் மார்ச் மாதம் கொண்டு வந்தான். மறுமுறை மதிப்பெண் வழங்க விதி இல்லாததால் ஒன்பது மாறவில்லை. கூடவே ஒரு தூக்கில் மாவும் கொண்டு வந்திருந்தான்.

"அம்மா குடுத்தாங்க மேம். காசு வேணாம்னாங்க."

"கடிதத்துல ஆதாயம் இல்லைன்னு எழுதியிருக்கேனே. என்ன விலை?"

"கிலோ எழுபது மேம். ரெண்டு கிலோ."

சுபாஷிணி நூற்று நாற்பது ரூபாய் கொடுத்து ரசீது கேட்டார். கடையில் ரசீதுப் புத்தகம் கிடையாது. கௌதமன் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தான். 'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல்லில் இரண்டு பிழைகள். அத்தாள் எண் 63இன் பதிலாகக் கோப்பில் சேர்க்கப்பட்டது. பதிவேட்டில் பதில் வந்த தேதி: 11.3.2024. அதற்கு முன் பதில் வந்த கடிதங்கள் நான்கு.

2025 ஜனவரி 31 அன்று வாடகைப் பத்திரத்தின் காலம் முடிந்து, மீண்டும் பதினொரு மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அன்று அஞ்சலகப் பாஸ்புக்கில் தவணைகள் பதினொன்று. கட்டிய தொகை ரூ. 22,000.