பீமில் காய்ந்த சாம்பல் சேறு

கட்டிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைச் ‘சந்தேக அக்கா’ என்பார்கள். குழாய் வேலைகளுக்குப் பொறியாளர் அவள். அன்று ஒப்பந்ததாரர் எழுதிக் கேட்டிருந்தார்: கழிவுநீர்க் குழாயை நுழைக்கும் உறையான ஸ்லீவ், தளத்தைத் தாங்கும் கான்கிரீட் பீமில் இடிக்கிறது, பீமைத் துளைக்கலாமா?

“சும்மா ‘சரி’ன்னு ஒரு வரி போடுங்கக்கா,” என்று போனிலும் குழைந்தார்.

இவ்வளவு பணிவா? அவளுக்குப் பொறி தட்டியது. அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினாள். பீமின் பக்கவாட்டில் சாம்பல் நிறச் சேறு வழிந்து காய்ந்திருந்தது. துளைபோடும் இயந்திரம் தண்ணீரோடு கக்கிய கான்கிரீட் சேறு.

“ஏற்கெனவே துளைச்சிட்டு, பழிய என் தலையில கட்டப் பாக்கறீங்களா?”

ஒப்பந்ததாரர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

அவள் பதில் எழுதினாள்: “அனுமதி இல்லை. போட்ட துளையைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கும்வரை அங்கே வேலையை நிறுத்தவும். குழாயைப் பீமுக்கு அடியில், சரிவு குறையாமல் கொண்டுபோகவும்.”

படத்தை இணைத்து, கட்டமைப்புப் பொறியாளருக்கும் ஒரு நகல் தட்டிவிட்டாள்.