ஏழு வரிச் செய்தி

என் கணவர் வேலை பார்க்கும் நஞ்சன்கூடு தொழிற்சாலையின் மேலாளருக்கு ஒரு தம்பி. உணவுப் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்து விற்பவர். அவருக்கு இணையதளம் வேண்டியிருந்தது. மேலாளர் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

நான் மைசூரில் வீட்டிலிருந்தபடியே இணையதளம் வடிவமைத்துத் தருபவள். அதற்கு முந்தைய வருடம் ஒரு தங்கும் விடுதிக்கு எல்லாவற்றையும் முடித்து, தளத்தையும் ஏற்றிக் கொடுத்த பிறகு, அதன் முதலாளி என் அழைப்பை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். நேரில் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் நல்ல காபி கொடுத்தார்கள். பணம் வரவில்லை.

அதனால் இந்த முறை, பேசி முடித்த மொத்தத் தொகை தொண்ணூறாயிரத்துக்கு ஒரு செய்தி எழுதினேன். ஆங்கிலத்தில் ஏழு வரி. நாற்பது சதவீதம் முன்பணம், அது வந்த பிறகே வேலை தொடங்கும். வடிவமைப்புக்கு ஒப்புதல் தந்ததும் முப்பது. தளத்தை ஏற்றுவதற்கு முன் மீதி முப்பது. வணக்கமும் நன்றியும் சேர்த்துத்தான் ஏழு.

காலை உணவின்போது கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பி வைத்தார்.

"வேற யாருன்னா பரவால்ல. இவரு எங்க மேனேஜர் தம்பி. அட்வான்ஸ் கேட்டா நம்பலன்னு அர்த்தம் ஆயிடும்."

"பணம் வராம நின்னா அப்ப நீங்க போய் கேப்பீங்களா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார். அவர் கிளம்பிய பிறகு, ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினேன். அதில் துணிச்சல் எதுவும் இல்லை. மறுபடியும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இரண்டு நீல டிக் விழுந்தன. இரண்டு நாள் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளும் கணவர் மேலாளரைத் தவிர்த்து வேறு வழியாக நடந்தாராம், பிறகுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் மேலாளரின் தம்பி கூப்பிட்டார். குண்டலுபேட்டைக்காரர். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு.

"மேடம், மெசேஜ் பார்த்தேன். நாங்களும் அட்வான்ஸ் வாங்காம இரும்பை வெட்டுறதில்ல. அது பிரச்சனை இல்ல. ஆனா முதல்லயே நாப்பது எதுக்கு? நான் இன்னும் ஒண்ணும் பார்க்கலயே."

"எவ்வளவு சரின்னு நினைக்கிறீங்க சார்?"

"முப்பது. டிசைன் பார்த்து ஓகே பண்ணினதும் நாப்பது தரேன். கடைசி முப்பது நீங்க சொன்ன மாதிரியே."

யோசித்துப் பார்த்தேன். வடிவமைப்பு முடியும்போது எழுபது சதவீதம் கைக்கு வந்துவிடும். என் கணக்கிலும் அதே எழுபதுதான்.

"சரி சார்."

"இன்னொண்ணு. நான் ஓகே சொல்லாம ரெண்டு மாசம் இழுத்தா என்ன பண்ணுவீங்க? அதை எழுதலயே நீங்க."

எழுதவில்லைதான். எனக்கு அது தோன்றவே இல்லை. பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். திருத்தி அனுப்பினேன். ஆகட்டும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, "ஆகலி, ஒப்புக்கிறேன்" என்று எழுதி அனுப்பினார். மறுநாள் வருமான வரிப் பிடித்தம் போக மீதி முன்பணம் வங்கியில் ஏறியது.

வடிவமைப்பு ஐந்து வாரத்தில் முடிந்தது. தட்டச்சுப் பிழை இரண்டைச் சுட்டிக்காட்டி ஒப்புதல் தந்தார். இரண்டாம் தவணையும் வந்தது. தளத்தைக் கட்டத் தொடங்கிய வாரத்தில் கூப்பிட்டார். குரலில் வழக்கமான அவசரம் இல்லை.

"பார்ட்னர் பிரிஞ்சு போறாரு மேடம். கம்பெனி பேரே மாறலாம். இதை இத்தோட நிறுத்திக்கலாமா?"

அந்த வாரத்து உழைப்புக்குத் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, செய்தது கொஞ்சம்தான். வடிவமைப்புக்குப் பணம் வந்துவிட்டதால் அந்தக் கோப்புகள் அவருக்குரியவை. அன்று மாலையே அனுப்பிவைத்தேன். கட்டத் தொடங்கியிருந்த தளம் மட்டும் என்னிடம் நின்றது. கடைசி முப்பது சதவீதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருவருமே பாக்கி இல்லாமல் பிரிந்தோம்.

கணவரிடம் சொன்னபோது முதலில், "மேனேஜர் கிட்ட நான் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த வாரம் ஒரு பல் மருத்துவர் தன் தளத்துக்காகப் பேசினார். பத்து நாள் கெடுவையும் சேர்த்து எட்டு வரியில் அனுப்பினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.