தேநீர்க் கடைக்காரியின் இரும்பு மாத்திரை

அறுபதுகளில் திண்டுக்கல்லில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேநீர்க் கடை வைத்திருந்த தம்பதியில் மனைவி, ஆறாம் மாதக் கர்ப்பிணி, எங்களிடம் வந்து கொண்டிருந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். இரண்டு மாதமாக இரும்பு மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. புழு இருக்கிறதா என்றும் சோதித்தாகிவிட்டது, இல்லை.

"மாத்திரையத் தூரப் போட்டுர்றாளோ?" என்று டாக்டரம்மா கேட்டார். "இப்படியே போனா பிரசவத்துக்கு முன்னாடி ரத்தம் ஏத்த வேண்டி வரும்."

அவளிடம் கேட்டேன். அழுதுவிட்டாள். "பழனி முருகன் மேல சத்தியமா வேளை தப்பாம முழுங்குறேன் சிஸ்டர்."

எனக்கு அவள் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. மறுநாள் மத்தியானம் டூட்டி முடிந்ததும் கடைக்கே போனேன். அவள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். சோறு, முருங்கைக்கீரை, பக்கத்தில் ஒரு கிளாஸ் கடுந்தேநீர். இரண்டு வாய்க்கு ஒரு மடக்கு. கடைசியில் மாத்திரையை எடுத்து, மிச்சமிருந்த தேநீரோடு விழுங்கினாள்.

"தண்ணியில முழுங்குனா குமட்டுது சிஸ்டர். டீயில போட்டா தெரியல."

"ராத்திரி?"

"ராத்திரி எங்க அத்தை ஆவாரம்பூ கொதிக்க வச்சுத் தருவாக. உடம்புச் சூட்டுக்கு. சோத்தோட அதையும் குடிச்சுப்பேன்."

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. துவர்ப்புள்ள மருந்தோடு இரும்பு மருந்தைக் கலக்கக் கூடாது என்று படித்த காலத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தேநீரும் துவர்ப்புதான், ஆவாரம்பூவும் துவர்ப்புதான். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மாத்திரையைப் பிடிச்சுக்கிறது கீரையில இருக்கற இரும்பை மட்டும் விட்டுருமா? சாப்பாட்டையும் டீயையும் பிரிச்சு வைங்க" என்றார்.

சொல்வது சுலபம். கடைக்குப் போய்ச் சொன்னதும் கடைக்காரர் கொதித்துப் போனார். "டீக்கடைக்காரன் பொண்டாட்டியவே டீ குடிக்காதேங்கறீக. நம்ம யாவாரத்துல மண்ணு விழுகவா?"

"குடிக்க வேணாம்னு யாருண்ணே சொன்னா? ஒரு கிளாஸ்ல பால் ஊத்தாத டீ குடுங்க."

கொடுத்தார். இன்னொரு கிளாஸில் வெறும் தண்ணீர் கேட்டேன். இரண்டு மாத்திரைகளை நுணுக்கி கிளாஸுக்கு ஒன்றாகப் போட்டுக் கலக்கினேன். தண்ணீர் லேசாகக் கலங்கியது. தேநீரோ சிவப்பு மாறி, மசியைப் போலக் கறுத்துப் போயிற்று. கடையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"வயித்துக்குள்ளயும் இதே கதைதான்" என்றேன். "துவர்ப்பு இரும்பைக் கட்டிப் பிடிச்சுக்கிரும். அப்புறம் அது ரத்தத்துல சேராது, பாதிக்கு மேல வெளியே போயிரும்."

சத்தம் கேட்டு வந்த அத்தைக்காரி, கடைக்காரரின் அம்மா, கறுத்த கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் குடுத்ததுமா?"

"ஆவாரம்பூ கெட்டது இல்லீங்கம்மா. சோத்தோட குடுத்ததுதான் தப்பு."

அங்கேயே ஏற்பாடு செய்தோம். விடிந்ததும் கடை திறக்கும்போது ஒரு தேநீர். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் இட்லி. மத்தியானச் சோற்றோடு எலுமிச்சம்பழத் தண்ணீர். புளிப்பு இரும்பைச் சேர்த்துவிடும், குமட்டலும் அடங்கும், மாத்திரையும் அதிலேயே போகட்டும். அடுத்த தேநீர் வெயில் தாழ்ந்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு. ஆவாரம்பூத் தண்ணீர் வேண்டுமானால் அந்த நேரத்திலேயே. ராத்திரிச் சோற்றுக்கு வெறும் தண்ணீர்.

முதல் வாரம் டீ குறைந்ததில் தலைவலிக்கிறது என்று புலம்பினாள். ஆனால் அத்தை விடவில்லை. மருமகள் சாப்பிட்டு எழுந்ததும் கடைப்பக்கம் போகவிடாமல் வாசலில் உட்கார்ந்துகொள்வாராம்.

அடுத்த மாதச் சோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. டாக்டரம்மா குறிப்பை இரண்டு முறை பார்த்தார். அதற்கடுத்த மாதம் இன்னும் ஏறியது. ஆத்தூர்ப் பக்கத்துத் தாய் வீட்டுக்கு பஸ் இறங்கி நடந்தே போய் வந்ததாகச் சொன்னாள், மூச்சு வாங்காமல்.

ரத்தம் ஏற்றாமலே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை, நல்ல கனம். பார்க்க வந்த கடைக்காரர், வார்டில் படுத்திருந்த இன்னொரு கர்ப்பிணியின் தட்டுக்குப் பக்கத்தில் தேநீர் இருப்பதைக் கண்டுவிட்டார்.

"ஏத்தா, அதைத் தள்ளி வையி. மொதல்ல சாப்புடு, செத்த நேரம் போகட்டும்" என்று எனக்கு முந்திக்கொண்டு சொன்னார்.