கை மாறிய டோக்கன்

தாம்பரத்தில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, அங்கே பில்லிங் வேலை எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஆறு வருஷம் பில்லிங் பார்த்தவள் நான். அந்த சென்டரை அம்பத்தூருக்கு மாற்றியபின், தினமும் ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்வர என்னால் முடியவில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். புது ஆஸ்பத்திரியோ, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்.

வாக்-இன் இன்டர்வியூ நடந்த கல்யாண மண்டபத்துக்குப் போனால், எனக்கு முன்பே ஊரே அங்கு திரண்டிருந்தது. வாசலில் நம்பர் போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். மேஜையில் இருந்த பெண் அந்த நம்பருக்கு நேராக என் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, பயோடேட்டாவை வாங்கி ஒரு குவியலில் போட்டாள். உள்ளே கேள்வி கேட்பவர்களிடம் நம்பர் மட்டும் போட்ட ஒரு தாள்தான் இருக்குமாம். பெயரெல்லாம் பிறகு சேர்த்துக்கொள்வார்களாம்.

என் டோக்கன் 146. அதைப் படம் பிடித்து என் கணவருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவளுடையது 391. பதிவை முடித்துவிட்டுக் காத்திருந்தாள். குழந்தை அழுத அழுகையில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. பாவமாகவும் இருந்தது, என் காதும் வலித்தது.

"இந்தாம்மா, என்னுத புடி. உன்னுத குடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று சொல்லி அவள் என் முறையில் உள்ளே போனாள். நான் சாயங்காலம் அவள் முறையில் போனேன். நன்றாகவே பதில் சொன்னேன். ரெண்டு மூணு நாளில் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

ஒரு வாரமாகியும் போன் வரவில்லை. விளம்பரத்தில் இருந்த முகவரிக்கு மெயில் அனுப்பினேன். "உங்கள் டோக்கன் எண்ணைக் குறிப்பிடவும்" என்று ஒரு வரி பதில் வந்தது. கைப்பையைத் துழாவிச் சீட்டை எடுத்தேன். 391. அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. நான் சொன்ன பதிலெல்லாம் அவள் பெயரில் ஏறியிருக்கிறது. அவள் சொன்னது என் பெயரில். கூப்பிட்டிருந்தால் அவளைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

"ரெண்டு நம்பரையும் போட்டு நடந்தத எழுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர்.

"அவளுக்கு வேல கெடச்சிருந்தா? கைக்கொழந்தக்காரி. என்னால அது போயிடாதா?"

"அப்ப உன் வேல போனா பரவாயில்லயா?"

பரவாயில்லை என்று சொல்ல நான் ஒன்றும் மகாத்மா இல்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். அவள் மேலும், அவள் குழந்தை மேலும், உள்ளே ஒரு பெயரைக் கேட்கத் துப்பில்லாமல் நம்பரை மட்டும் பார்த்தவர்கள் மேலும் எரிச்சலாக வந்தது. கடைசியில் ரெண்டு நம்பரையும் போட்டு எழுதினேன். அந்தப் பெண்ணை எதுவும் சொல்ல வேண்டாம், சீட்டை மாற்றியது நான்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன். ஹெச்.ஆரிலிருந்து ஒரு பெண்.

"மேடம், உங்களத்தான் தேடிட்டிருக்கோம். எங்க போனீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். 391-க்கு எழுதியிருந்த நம்பரில் கூப்பிட்டு, குழந்தைக்காரியை இரண்டாவது ரவுண்டுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் தாளைப் பார்த்து, ஆறு வருஷ பில்லிங் அனுபவத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாராம்.

"அவங்க உடனே, 'அது நான் இல்ல சார், எனக்கு டோக்கன் மாத்திக் குடுத்த அக்கா'ன்னுட்டாங்க மேடம். ஆனா உங்க பேரு தெரியல. நம்பரும் ஞாபகமில்ல. சீட்ட கொழந்த வாயில போட்டு மென்னுடுச்சாம். நாங்க பயோடேட்டா கட்டப் பிரிச்சு வெச்சுத் தேடிட்டிருக்கோம். நல்லவேளையா உங்க மெயில் வந்துது. நாளைக்கு வர முடியுமா?"

வருகிறேன் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்: "அந்தப் பொண்ணு விஷயம் என்ன ஆச்சு?"

"146 ஷீட்ட எடுத்துப் பாத்தோம். சுமார்தான், ரிஜெக்ட்னு போட்டிருந்துச்சு. மேனேஜர் அத அடிச்சிட்டு செலக்ட்னு எழுதிட்டாரு. கேஷ் கவுன்டருக்கு."

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிட வந்த என் கணவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு பக்கத்தில் வந்து, "விடு, இது இல்லன்னா இன்னொண்ணு. அந்தப் பொண்ணாவது பொழச்சுப் போகட்டும்" என்றார்.