அறுபத்து நான்கு சதுர மீட்டர்

கொட்டேஷன் கவரைப் பிரித்ததும் அவர் செய்யும் முதல் காரியம், கடைசிப் பக்கத்தில் இருக்கும் மொத்தத் தொகையின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டுவதுதான். பதினோரு வருடங்களாகப் பார்க்கிறேன். தொகை முதலில் கண்ணில் பட்டுவிட்டால் மனசு சாய்ந்துவிடும், பிறகு வரிகளைப் படிப்பது கண்துடைப்பு என்பார். அதனால் ஆபீஸில் அவருக்குத் தாள் சார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும்.

கட்டிட வேலைகளுக்கு அளவெடுத்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. முதலாளி ஒரு எஞ்சினியர். அளவுப் பட்டியல் தயாரிப்பது தாள் சார். என்ன வேலை, எவ்வளவு அளவு என்று அவர் வரிசையாக எழுதுவார். ஒன்றுக்கு என்ன விலை என்று கான்ட்ராக்டர்கள் நிரப்பித் தருவார்கள். ஆபீஸைக் கூட்டிப் பெருக்குவது, நகல் எடுப்பது, டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது, அவர் சரிபார்க்கும்போது எண்களை வாசிப்பது எல்லாம் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எண்களிடம் எனக்குப் பயமில்லை. மனிதர்களிடம்தான்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. வாடகை வீடு, நர்சிங் படிக்கும் ஒரு மகள். போன வருடம் ஒரு பட்டியலில் மாடிப்படிக் கைப்பிடியைச் சேர்க்க மறந்துவிட்டார். முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படின்னா நீங்க வேற இடம் பாத்துக்கங்க." அந்த வயதில் வேறு இடம் எங்கே இருக்கிறது? அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை கூட்டினார். கூட்டல் ஒருபோதும் தப்பவில்லை.

இந்த வருடம் நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள ஒரு பழைய குடியிருப்பின் வேலை வந்தது. பால்கனிகளிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்கூட்டரின் இருக்கை கிழிந்து, அதற்குப் பிறகு குழந்தைகள் கீழே விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் இருவரும் நான்கு நாள் சுத்தியலால் தட்டித் தட்டி அளந்தோம். நல்ல இடம் டங் என்னும். உள்ளே விட்டுப்போன இடம் டொப் என்னும். எனக்கு டொப் மட்டுமே கேட்டதாக ஞாபகம்.

மூன்று கொட்டேஷன்கள் வந்தன. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அம்மா முன்னிலையில் கவர்களைப் பிரித்தோம். அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாப்பது லட்சம் சேத்து வச்சிருக்கோம். அதுக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்டார்.

"பாத்துச் சொல்றேன்மா," என்றார் தாள் சார்.

மறுநாள் காலை ஒப்பீட்டுத் தாளைப் போட உட்கார்ந்தோம். முதலில் எல்லோரையும் ஒரே தரையில் நிறுத்த வேண்டும் என்பார். கண்ணாடிக்காரர் என்று நாங்கள் சொல்லும் கான்ட்ராக்டர் அடியில் பொடி எழுத்தில் 'வரி தனி' என்று எழுதியிருந்தார். மற்ற இருவரும் வரி சேர்த்திருந்தார்கள். அவருடைய விலைகளிலும் வரியைக் கூட்டினோம். அப்பாவும் மகன்களும் நடத்தும் கம்பெனி ஒரு வரியில் பெருக்கலைத் தப்பாகப் போட்டிருந்தது. அவர்கள் எழுதிய விலையை வைத்துக்கொண்டு தாள் சார் பெருக்கலைத் திருத்தினார். மூன்றாமவர் எப்போதும் சிரித்த முகமாக இருப்பார். அவருடைய தாளில் ஒரு அடித்தல் கூட இல்லை.

நான் வாசித்துக்கொண்டே போனேன். ஏழாவது வரி. பெயர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து, மறுபடி பூசும் வேலை.

"அப்பா-மகன் கம்பெனி, ரெண்டாயிரத்து நானூறு. கண்ணாடிக்காரர் வரியோட ரெண்டாயிரத்து அறுநூறு. சிரிப்புக்காரர் ஆறாயிரத்து தொள்ளாயிரம்."

பென்சில் நின்றது.

"திரும்பப் படி."

படித்தேன்.

"கை தவறிப் போட்டிருப்பானோ?" என்றவர், மற்ற வரிகளைப் பார்க்கச் சொன்னார். பெயின்ட், சாரம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றிலும் சிரிப்புக்காரர் மற்றவர்களைவிடக் கீழே. பெயின்ட் விலைக்குப் பெயின்ட் டப்பாகூட வராது. இந்த ஒரு வரியில் மட்டும் மூன்று மடங்கு. கை தவறியவன் இப்படிச் செய்யமாட்டான்.

என் கண் விலைக்குப் பக்கத்தில் இருந்த அளவுக்குப் போனது. அறுபத்து நான்கு சதுர மீட்டர். நாற்பத்தெட்டு பால்கனிக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு ஒன்றரை கூட வராது. நான்கு நாள் தட்டியது இதற்கா? சொல்ல வாய் வரவில்லை. அளவுப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கையெழுத்தில் 640.0 என்று இருந்தது. பட்டியலில் 64.00.

அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. பட்டியலை டைப் செய்த அன்று வாசித்தது நான்.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேனா சார்?"

"நீ சரியாத்தான் படிச்ச. புள்ளிக்கு அப்புறம் எல்லா வரியிலயும் ரெண்டு இலக்கம் இருக்கணும்னு நான்தான் மாத்தினேன். புள்ளியத் தள்ளிட்டேன்."

மூன்று முறை கூட்டியிருந்தார். அறுபத்து நான்கை மூன்று முறையும் சரியாகக் கூட்டியிருந்தார். அளவுப் புத்தகத்தோடு ஒரு முறைகூட ஒப்பிடவில்லை.

பிறகுதான் துண்டுத் தாள்களை எடுத்தார். பட்டியலில் உள்ளபடி சிரிப்புக்காரருக்கு முப்பத்தைந்து லட்சத்து அறுபதாயிரம், அவர்தான் குறைவு. அப்பா-மகன் கம்பெனி முப்பத்தெட்டைத் தாண்டியது, கண்ணாடிக்காரர் நாற்பதைத் தாண்டினார். அறுநூற்று நாற்பது என்று போட்டுப் பார்த்தார். அப்பா-மகன் ஐம்பத்திரண்டு, கண்ணாடிக்காரர் ஐம்பத்தைந்து. சிரிப்புக்காரர் எழுபத்தைந்து லட்சம். கையெழுத்தான பிறகு விலை மாறாது, செய்த அளவுக்குத்தான் பணம். பாதியில் பணம் தீர்ந்தால் கொத்திய கான்கிரீட் கொத்தியபடியே, கம்பி வெளியே தெரிய நிற்கும். அதற்குக் கீழே அந்த நாற்பத்தெட்டு குடும்பங்களும் நடக்க வேண்டும்.

மதியம் முதலாளி வெளியே போயிருந்த நேரம் பார்த்துச் சிரிப்புக்காரர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன சார், ஏழாம் நம்பருக்கு வந்துட்டீங்களா?"

தாள் சார் ஒப்பீட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"நானும் சுத்தியலோட போய்த் தட்டிப் பாத்தேன் சார். மத்தவங்க எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. உழைச்சுக் கண்டுபிடிச்சது, அதுல என்ன தப்பு?"

"சந்தேகம் இருந்தா எழுதிக் கேக்கச் சொல்லி முதல் பக்கத்துலயே போட்டிருக்கே. ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா உங்க முதலாளிக்குத் தெரிஞ்சிருக்குமே. உங்க மேல உள்ள அக்கறைதான்." சிரித்தார். "கைப்பிடிக் கதை எங்களுக்கும் தெரியும் சார். குறைஞ்ச தொகை என்னுதாத்தான் இருக்கும். நீங்க கையெழுத்துப் போடுங்க. அளவு கூடினா அது சைட்ல கூடினது, யாரு என்ன கேக்கப் போறா?" எழுந்தவர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, நீ ஒண்ணும் பேசவே மாட்டியா? நல்லது. அப்படியே இரு."

அவர் போன பிறகும் நாற்காலி இழுத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்துப் போட எனக்குத் துணிவு வரவில்லை. தாள் சாரிடம் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது.

"அவரோட கவர்ல ஏதாவது குறை சொல்லி விலக்கிடலாமே சார்? அப்பா-மகன் கம்பெனிக்குப் போயிடும்."

"குறை இல்லாத கவருக்குக் குறை தேடுறது மட்டும் நியாயமா? அதுவும் போக, முப்பத்தெட்டுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு நடுவுல ஐம்பத்திரண்டுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். தாள் சார் இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். ஒன்று ஒப்பீட்டுத் தாள். பழைய அளவுக்கு ஒரு பத்தி, சரியான அளவுக்கு ஒரு பத்தி. இன்னொன்று மூவருக்கும் அனுப்ப வேண்டிய ஒரே கடிதம்: ஏழாவது வரியின் அளவு தவறு, சரியானது இது, இந்தத் தேதிக்குள் முழுப் பட்டியலுக்கும் புதிதாக விலை போட்டு மூடிய கவரில் தரவும். அடுத்தவர் விலை யாருக்கும் தெரியாது. சிரிப்புக்காரரும் வரலாம். அவர் வந்து பேசியதையும் சொன்னார்.

முதலாளி இரண்டு தாள்களையும் படித்து முடித்தார். நான் அலமாரிக்குப் பக்கத்தில் கோப்புகளை அடுக்குவதுபோல நின்றேன்.

"இதைச் சங்கத்துல போய்ச் சொன்னா என் ஆபீஸ் மானம் என்னாகும்?" பிறகு குரலைத் தணித்தார். "டைப் பண்ணும்போது நம்பர் படிச்சது யாரு? இந்தப் பொண்ணுதானே? அது தப்பாப் படிச்சிடுச்சுன்னு சொல்லிடலாம். படிக்காத பொண்ணு, யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. உங்க பேரும் தப்பிக்கும்."

எனக்கு வீட்டில் நடக்க முடியாத தம்பி. இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. தாள் சார் ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கும் பயம் என்று தெரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அவ சரியாத்தான் படிச்சா சார். புத்தகத்தை எடுத்துக் காட்டினதும் அவதான். தப்பு என்னுது."

"அப்ப கைப்பிடிக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

அன்று மாலையே சங்கத்தின் கூட்ட அறைக்குப் போனோம். வாசலுக்குப் போக பால்கனிகளுக்குக் கீழேதான் வழி. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினேன். அவர் மெதுவாக நடந்தார். உள்ளே முப்பது பேர் இருந்தார்கள். அவர் நின்றுகொண்டே சொன்னார். ஒருவர் எழுந்து, "சைபர் போடத் தெரியாதவர நம்பியா எங்க உசிரக் குடுத்திருக்கோம்?" என்றார். இன்னொருவர், வீட்டுக்கு இருபத்தையாயிரம் கூடுதல் என்று கணக்குப் போட்டுக் கத்தினார். தாள் சார் தலையைக் குனியவில்லை. செயலாளர் அம்மா மட்டும் ஒப்பீட்டுத் தாளின் இரண்டு பத்திகளையும் விரல் வைத்துப் படித்தார். எழுபத்தைந்தில் விரல் நின்றது.

"இதை இப்ப சொல்லாம, சுவரைக் கொத்தினப்புறம் சொல்லியிருந்தா?" என்று கேட்டார்.

கத்தியவர் உட்கார்ந்தார். கடிதம் மூவருக்கும் போயிற்று.

புதிய கவர்களையும் செயலாளர் அம்மா முன்னிலையில்தான் பிரித்தோம். ஏழாவது வரிக்குச் சிரிப்புக்காரர் இம்முறை இரண்டாயிரத்து எழுநூறு போட்டிருந்தார். பெயின்ட் விலை ஏறியிருந்தது. வரியும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்குக் கண்ணாடிக்காரர் குறைவாக வந்தார். வேலை அவருக்குப் போயிற்று. படியில் என்னைப் பார்த்த சிரிப்புக்காரர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் பின்பக்க வழியாகவே வீட்டுக்குப் போனேன்.

முதலாளி தாள் சாரை வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்பளத்தில் கால் பங்கைக் குறைத்தார். பட்டியல் தயாரிக்க இப்போது ஒரு இளம் எஞ்சினியர் இருக்கிறார்; தாள் சார் அளவு மட்டும் எடுக்கிறார், கையெழுத்துப் போடுவதில்லை. பட்டியல் வெளியே போவதற்கு முன் அளவுப் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிடுவது என் வேலை. குடியிருப்பின் வடக்குப் பக்கம் முடிந்துவிட்டது. தெற்குப் பக்கத்தில் சாரம் ஏறியிருக்கிறது. பதினோரு வீடுகள் கூடுதல் பணத்தை இன்னும் தரவில்லை.