உடைந்த முறுக்கு யாருக்கு?

அக்காவும் நானும் முறுக்கு வியாபாரம் ஆரம்பித்தபோது எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம். முதலீடு ஆளுக்குப் பாதி. அவள் சுட வேண்டும். நான் பாக்கெட் போட்டு, ஸ்கூட்டரில் தொண்டாமுத்தூர் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாவு, எண்ணெய், கேஸ், பெட்ரோல் செலவு போக மிஞ்சுவதில் பாதிப் பாதி. உடைந்த முறுக்கு மட்டும் சுடுகிறவளுக்கு. அடுப்பில் கிடந்து வேகிறாளே, பாவம் என்று நான்தான் சொன்னேன். எனக்கு நன்றாக வேண்டும்!

முதல் வாரமே கால்வாசி உடைந்தது. "ஏனுங்க்கா, இத்தனையா உடையும்?" என்றேன்.

"மாவுப் பதம் அப்படி, கண்ணு" என்றாள், வாய் நிறைய முறுக்கோடு.

எனக்கு வந்ததே கோபம்! உடைந்தது இனிமேல் பாக்கெட் போடுகிறவளுக்கு என்று மாற்றினேன். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி உடைந்தது.

"கவர் சின்னதுங்க்கா" என்றேன்.

கடைசியில், உடைந்ததைத் தனியாகக் கட்டிப் பாதி விலைக்கு விற்று, அந்தக் காசையும் பொதுவில் சேர்ப்பது என்று முடிவானது. அதிலிருந்து முறுக்கு உடைவதே இல்லை.

போன வாரம் தவறிப்போய் ஒன்றே ஒன்று உடைந்தது. ஒன்றைப் போய் விற்கவா முடியும்? ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

அக்காவின் பாதி பெரிசு.