அறுபத்துநாலு நிறத்தில் ஒரு மயில்கழுத்து

ஈரோட்டில் நான் வேலை பார்த்த ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு மேனேஜர் இருந்தார். கம்ப்யூட்டரைத் தானே ஒரு நாளும் இயக்கியதில்லை. ஆனால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, வடை தின்ற விரலைத் திரையில் வைத்து, "இங்கங்க, இங்க" என்று எனக்கு வேலை சொல்லிக் கொடுப்பார். அவரை எனக்குப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது.

கோபி பக்கம் நான்கு தறி வைத்திருந்த ஓர் அக்கா எங்களுக்கு மாதிரித் திரைச்சீலைத் துணி ஒன்று நெய்து தந்திருந்தார். நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. நேராகப் பார்த்தால் நீலம், கொஞ்சம் சாய்த்தால் பச்சை. அச்சு அசல் மயில்கழுத்து. அவருடைய தறியில் இரண்டு அப்போது நின்றுபோயிருந்தன. இந்த ஆர்டர் கிடைத்தால் நாலும் ஓடும் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் முதலில் மெயிலில் படம் பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் துணித்துண்டு கேட்பார்கள். நிறம் மாறுவது புகைப்படத்தில் தெரியாது. வீடியோ மெயிலுக்குள் ஓடாது. அதனால் தானாக ஓடித் தானாகத் திரும்பும் ஜிஃப் படம் ஒன்று, இரண்டு எம்.பி.க்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

வெள்ளைச் சுவர் முன்னால் துணியைப் பிடித்து மெல்லச் சாய்த்து எடுத்தேன். இரண்டு வினாடியை மட்டும் வெட்டினேன். முன்னோக்கி ஓடியது அப்படியே பின்னோக்கியும் ஓடும்படி ஒட்டியதில், எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வினாடிக்குப் பத்து படம், அகலம் நானூறு புள்ளி. ஜிஃபுக்குள் இருநூற்றைம்பத்தாறு நிறம்தான் அடங்கும். அதனால் முதலில் அந்தக் காட்சியையே அலசி அதற்கேற்ற நிறங்களைப் பொறுக்க வைத்தேன். அடுத்த ஓட்டத்தில் அந்த நிறங்களால் படத்தை உருவாக்கினேன். சுவர் வெறும் வெள்ளை என்பதால் ஏறக்குறைய எல்லா நிறமும் துணிக்கே கிடைத்தது. நீலம் பச்சையாக வழுக்கியது. அளவும் உள்ளேயே நின்றது. எனக்கே கர்வமாக இருந்தது.

மேனேஜர் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, பெரிய ஐயா படத்த உட்டுப்போட்டு எப்படிங்க அனுப்பறது?"

பெரிய ஐயா என்பது முதலாளியின் காலமான அப்பா. வரவேற்பறையில் மாலையோடு, சுற்றிலும் ஏழு நிறத்தில் மின்னும் சீரியல் பல்போடு இருப்பார்.

"பல்பு மின்னுச்சுன்னா சைஸ் ஏறிப்போகுங்க சார். நிறத்தையும் அதுவே தின்னுரும்" என்றேன். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் மாறாத இடத்தைத் திரும்ப எழுதத் தேவையில்லை. பல்போ ஒவ்வொன்றிலும் மாறும் என்றும் விளக்கினேன். கொட்டாவி விட்டார்.

ஐயாவுக்கு முன்னால் துணியைப் பிடித்து மறுபடி எடுத்தோம். மூலையில் வானவில் லோகோவையும் போடச் சொன்னார். நாலு எம்.பி. வந்தது.

"நிறத்தக் குறைச்சுப்போடுங்க. அறுபத்துநாலு போதும். துணியில இருக்கறதே ரெண்டு நிறந்தானுங்களே?"

சாயும்போது அந்த இரண்டுக்கும் நடுவே நூறு நிறம் வரும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? குறைத்தேன். அளவு அடங்கியது. பல்பு, மாலை, லோகோ, ஐயாவின் முகம் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டது போக, துணிக்கு நாலைந்து நிறம் மிஞ்சியது. மயில்கழுத்து அழுக்கு நீலப் பட்டைகளாகத் தெரிந்தது. ஐயா மட்டும் ஜோராக இருந்தார்.

என் முதல் படம் அதே கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அனுப்பும் பொத்தான் என் கையில்தான் இருந்தது. மாற்றி அனுப்பியிருந்தால் அந்த மனுஷனுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் கேட்டதையே அனுப்பினேன். முதலாளி முன்னால் அவர் அசடு வழிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இரட்டை நிறத் துணி கேட்டோம், இது சாதாரண நீலமாக இருக்கிறது என்று பதில் வந்தது. நல்ல படத்தை அவசரமாக அனுப்பினேன். தேர்வு முடிந்துவிட்டது என்றார்கள். மேனேஜர் அசடு வழியவில்லை. "நெசவு சரியில்லீங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்கும் அப்படியே தகவல் போயிருந்தது; மறுநாள் போன் செய்தார். "நெசவுல என்னுங்க அம்மணி குத்தம்? சொன்னா சரி பண்ணிக்கறனுங்க."

"நெசவுல ஒண்ணுமில்லீங்க்கா, துணி நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். நம்பட்டும் என்று என் முதல் படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. பின்னால் ஒரே ஒரு தறி ஓடும் சத்தம்.

"எத்தன அழகா எடுத்திருக்கறீங்க கண்ணு. இதப் பாத்துமா வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க?"